பத்துக்கு நூற்றைம்பது என்று எழுதிய சீட்டு

புதுக்கோட்டை ஆட்டுச் சந்தையில் சேவுகன் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அந்தக் குதிரைக்காரனா, காசை அமுக்கினவனா?" என்றுதான் பதில் வரும். அந்தச் சேவுகன் என் தங்கை சிவகாமியின் புருஷன். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்ன பங்கு, முக்கால்வாசி நான்தான்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருஷமாக ஆட்டு வியாபாரம். கத்தாமல் பேசத் தெரியாது. யோசித்துப் பேசுகிற பழக்கம் கிடையாது, பேசிவிட்டுத்தான் யோசிப்பேன். இதையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போவேன்.

சேவுகன் அறுபத்தெட்டில் திருமயம் பக்கம் ஒரு வறண்ட கிராமத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்ததும் பெங்களூருக்கு ஓடினார். முதலில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தார், பிறகு குதிரைப் பந்தய மைதானத்தில் பந்தயப் பணம் வாங்கும் ஒரு புக்கியிடம் எழுத்தராகச் சேர்ந்தார். லைசென்ஸ் வாங்கிப் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிற புக்கி. சேவுகனுக்கு வேலை என்னவென்றால், பணம் கட்டுகிறவனுக்குச் சீட்டு எழுதுவது. குதிரை எண், தொகை, விலை. அவ்வளவுதான். முப்பது வருஷம் அதையே எழுதினார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவர் லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தொழிலைப் பற்றித்தான் பேசுவார். "மச்சான், புக்கி பலகையில ஒண்ணுக்கு எட்டுன்னு போட்டிருக்கான். நீங்க நூறு ரூவா கட்டுறீங்க. நான் சீட்டுல எட்டுன்னு எழுதிட்டேன். அடுத்த நிமிஷமே பத்து பேரு அந்தக் குதிரைமேல விழுந்து கட்டுறான், புக்கி பயந்துபோயி எட்டை அழிச்சுட்டு மூணுன்னு போடுறான். ஒங்களுக்கு எம்புட்டு?"

"மூணுதானே?"

"எட்டு. ஒங்க சீட்டுல எட்டுன்னுல இருக்கு. குதிரை ஜெயிச்சா எண்ணூறும், நீங்க கட்டுன நூறும் ஒங்க கையில. புக்கி வீட்டை வித்தாவது குடுக்கணும். எங்க மொதலாளி ஒரு தரம் பொண்டாட்டி வளையலை வித்துக் குடுத்தாரு. எழுதுனா எழுதுனதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோயில் காரியம் மாதிரி சொல்வார். குதிரைக்குப் பணம் கட்டுவதில் என்னய்யா கோயில் காரியம் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். தன் பணத்தில் பத்து ரூபாய் கூட அவர் கட்டியதில்லை. சாராயம் விற்கிறவன் குடிக்காத மாதிரி.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்தது, மைதானத்தைப் பூட்டினார்கள். முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். சேவுகன் ஊருக்கு வந்து சேர்ந்தார். நான்தான் அவரை ஆட்டு வியாபாரத்தில் இழுத்துப் போட்டேன். சிவகாமிக்கு நமணசமுத்திரம் பக்கம் மூன்று சென்ட் மனை இருந்தது. கையில் இருந்த பணத்தில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பி, மேலே கான்கிரீட் போட வேண்டிய நேரம். அதற்கென்று இரண்டே முக்கால் லட்சம் பேங்கில் தனியாக வைத்திருந்தாள் என் தங்கை. வாடகை வீட்டில் முப்பது வருஷம் இருந்தவள். சொந்தக் கூரைக்குக் கீழே படுக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

சந்தை வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே கூடிவிடும். எங்கள் கூட்டாளிகள் நாலு பேர்: நான், ஆண்டிச்சாமி அண்ணன், கீரனூர் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆண்டிச்சாமி எங்களில் மூத்தவர். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விரலை இறுக்கிப் பிடித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. பிறகு சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் பிடித்த விலைதான். இதில் மாற்றிப் பேசினவனை அப்புறம் ஒருத்தனும் தன் துண்டுக்குள் கை விடவிட மாட்டான்.

கொரோனாவுக்குப் பிறகு வெளிமாநிலக் குதிரைப் பந்தயக் கிளப் ஒன்று செல்போனிலேயே பந்தயம் கட்ட வழி செய்திருந்தது. பெங்களூர்ப் பழக்கத்தில் சேவுகன் பெயரில் அதில் ஒரு கணக்கு இருந்தது. வியாபாரம் முடிந்து டீக்கடையில் உட்காரும்போது போனில் குதிரை ஓடுவதைப் பார்ப்போம். பொழுதுபோக்கு. கீரனூர்த் தம்பிதான் முதலில் ஆரம்பித்தான். "அண்ணே, எம்பேருல ஒரு நூறு ரூவா போடுங்கண்ணே." அடுத்த வாரம் ஆண்டிச்சாமி இருநூறு. அப்புறம் நான்.

சேவுகன் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, குதிரை எண், தொகை, போனில் தெரிகிற எண் மூன்றையும் எழுதிக் கிழித்து எங்கள் கையில் கொடுத்தார். பழைய பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. பத்து ரூபாய்க்கு ஐம்பத்தைந்து என்று போனில் தெரிந்தால் சீட்டிலும் ஐம்பத்தைந்து. ஜெயித்தால் ஐம்பத்தைந்து கொடுத்துவிடுவார். எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. துண்டுக்குள் பிடித்த விரல் மாதிரி அது எங்களுக்கு.

அந்தப் போனில் தெரிகிற எண் விலையே இல்லை என்பது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. சேவுகனுக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். அதை மட்டும் இன்றைக்கும் நான் அவர் கணக்கில்தான் வைப்பேன்.

கிளப் நடத்துவது புக்கி வியாபாரம் இல்லை. அதற்கு டோட் என்று பெயர். எல்லாரும் கட்டுகிற பணத்தை ஒரே குவியலாகச் சேர்ப்பார்கள். கிளப்பின் கமிஷனையும் வரியையும் அதிலிருந்து முதலில் எடுத்துவிடுவார்கள். மீதியை ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். போனில் தெரிவது, இந்த நிமிஷத்தோடு பணம் கட்டுவதை நிறுத்தினால் இவ்வளவு வரும் என்கிற உத்தேசம். குதிரை கிளம்புகிற வரைக்கும் பணம் வந்துகொண்டே இருக்கும், எண் மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் நிற்கிற எண்தான் உங்களுக்கு. முதலில் கட்டியவனுக்கும் அதே, கடைசியில் கட்டியவனுக்கும் அதே. கிளப்புக்கு நஷ்டமும் கிடையாது.

எங்கள் நூறு இருநூறெல்லாம் அந்தக் குவியலில் எங்கே தெரியும்? எழுதின எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் ஐந்து, பத்து ரூபாய் வித்தியாசம் வரும். குறைந்தால் சேவுகன் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார். கூடினால் அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டார். ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார். அவருக்கே தெரியாமல் அவர் எங்களுக்குப் புக்கி ஆகிவிட்டார். புக்கியின் எழுத்தராகவே வயதான மனிதர் வேறென்ன ஆவார்?

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஜூலை மாதம். பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மாதிரி சந்தை நான் பார்த்ததில்லை. அறந்தாங்கியிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து வாங்கினார்கள். எங்கள் எல்லார் கையிலும் காசு. மத்தியானம் டீக்கடையில் ஆண்டிச்சாமி சேவுகனின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"சேவுகு, இந்த ஏழாம் நம்பரு போன மாசமும் ஓடுச்சுல்ல? ரெண்டாவதா வந்துச்சு?"

"ஆமண்ணே."

"எம்புட்டு போட்டிருக்கான்?"

"பத்துக்கு நூத்தம்பது காட்டுது."

ஆண்டிச்சாமி மடியிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்களைப் பார்த்தார். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நான் ஐயாயிரம் வைத்தேன். கீரனூர்க்காரர்கள் ஆளுக்கு ஐயாயிரம். இருபதாயிரம்.

சேவுகன் கையை எடுத்துக்கொண்டார். "வேணாண்ணே. நூறு எரநூறுன்னா சரி. இது எண்ணு மாறும்."

"மாறுனா? இம்புட்டு நாளு எழுதிக் குடுத்தீருல்ல, அப்ப மாறலையா? காசு பெருசானதும் எழுத பயமா இருக்கா? ஒம்ம புக்கி மொதலாளி மட்டும் வளையலை வித்துக் குடுப்பாரு, நீரு மாட்டீராக்கும்?" என்றார் ஆண்டிச்சாமி.

நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நோட்டை எடுத்தார். ஏழு. ஐயாயிரம். பத்துக்கு நூற்றைம்பது. நாலு சீட்டு. எழுதி முடித்த பிறகுதான் போனில் இருபதாயிரத்தையும் கட்டினார்.

அவர் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அது சின்னக் கிளப், வாரநாள், ஆள் கட்டாத பந்தயம். மொத்தக் குவியலே அந்த நேரத்தில் நாற்பத்தெட்டாயிரம்தான். அந்த விவரம் வேறு பக்கத்தில் இருந்தது, திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் புக்கியிடம் இருந்தவருக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தோன்றவில்லை. புக்கியிடம் நீங்கள் பெரிய தொகை கட்டினால் விலை இறங்கும், ஆனால் உங்களுக்கு அடுத்து வருகிறவனுக்குத்தான் இறங்கும். டோட்டில் உங்கள் பணமே உங்கள் எண்ணைக் கீழே இழுத்துவிடும். அந்த ஏழாம் குதிரைமேல் எங்களுக்கு முன்னால் மொத்தமே இரண்டாயிரத்து நானூறு ரூபாய்தான் இருந்ததாம். அதன்மேல் நாங்கள் இருபதாயிரத்தைக் கொட்டினோம்.

குதிரை ஜெயித்தது. நாசமாய்ப் போன குதிரை, தோற்றிருந்தால் ஆளுக்கு ஐயாயிரத்தோடு போயிருக்கும். ஆண்டிச்சாமி எழுந்து நின்று தொடையைத் தட்டினார். கீரனூர்த் தம்பி டீக்கடைக்காரருக்கு நூறு ரூபாய் கொடுத்தான். ஆளுக்கு எழுபத்தையாயிரம் என்று நான் மனதுக்குள் செலவே செய்துவிட்டேன்.

சேவுகன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன மாப்ள?"

"முப்பத்தேழு வந்திருக்கு மச்சான்."

"என்ன முப்பத்தேழு?"

"பத்துக்கு முப்பத்தேழு. இருவதாயிரத்துக்கு எழுவத்தி நாலாயிரம். அதுலயும் வரி பிடிப்பான்."

ஆண்டிச்சாமிதான் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து விரலால் தட்டினார். "இதுல நூத்தம்பதுன்னு எழுதியிருக்கு."

சேவுகன் சொல்லிப் பார்த்தார். கிராமத்தில் நாலு வீடு சேர்ந்து கிடா வெட்டிக் கூறு போடுகிற கதையை வைத்துச் சொன்னார். "கறிக்கடையில கிலோ எழுநூறுன்னா, பத்து பேரு வந்தாலும் நூறு பேரு வந்தாலும் எழுநூறுதான். புக்கி கறிக்கடை மாதிரி. கிளப்பு அப்பிடி இல்ல. அது கூறு போடுற எடம். கூறு கேக்குற ஆளு கூடக் கூடக் கூறு சிறுசாப் போகும். அந்தக் குதிரைக்குக் கூறு கேட்டதுல பெரிய ஆளு நம்மதான். நம்ம கூறை நம்மளே சிறுசாக்கிட்டோம்."

இவ்வளவு தெளிவாக அவர் சொல்லியும் என் காதில் ஏறவில்லை. காசு போன வயிற்றெரிச்சலில் மனுஷனுக்குக் காது அடைத்துவிடும்.

பக்கத்து மேஜையில் ஜைனுதீன் உட்கார்ந்திருந்தார். அறந்தாங்கியில் கறிக்கடை வைத்திருப்பவர், வாராவாரம் எங்களிடம் ஆடு பிடிப்பவர். சூதாட்டம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், எங்கள் பந்தயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் எழுந்து வந்து, "அந்த மனுசன் சொல்றது ஞாயமாத்தானே இருக்கு? கூறு போட்டா அப்பிடித்தானே வரும்?" என்றார்.

"பாய், ஒங்களுக்கு இதுல என்ன தெரியும்? நீங்க போயி ஆட்டைப் பாருங்க" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அடுத்து வந்த புதன்கிழமை கீரனூர்த் தம்பி போன் செய்தான். அவன் மச்சான் மகன் யாரோ கம்ப்யூட்டரில் பழைய பந்தய முடிவுகளைத் தேடிப் பார்த்தானாம். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சேவுகன் எங்களுக்குப் பத்துக்கு ஐம்பத்தைந்து கொடுத்தார் இல்லையா, அன்றைக்குக் கிளப் கொடுத்தது அறுபத்திரண்டு. ஏழு ரூபாய் அவர் பையில்.

அவ்வளவுதான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அதே ஜூனில் வேறொரு வாரம் கிளப் நாற்பத்தொன்று கொடுத்தபோது அவர் ஐம்பது கொடுத்ததை அந்தப் பையன் பார்த்தானா, பக்ரீத் வாரத்து முடிவையும் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்.

மறு வெள்ளிக்கிழமை, சந்தை நடுவில், ஆடுகளுக்கு மத்தியில், நூறு பேர் பார்க்க, என் தங்கை புருஷனிடம் கேட்டேன்.

"மாப்ள, எடுத்தீங்களா?"

அவர் கையில் ஒரு குட்டியைப் பிடித்திருந்தார். அதைக் கீழே விட்டார். "என்ன மச்சான்?"

"ஜூன் மாசம் எடுத்தீங்கள்ல, இப்பவும் எடுத்தீங்களா? அறுபத்தி ரெண்டு வந்துச்சு, எங்களுக்கு அம்பத்தஞ்சு குடுத்தீங்க. இப்ப நூத்தம்பது வந்துச்சு, முப்பத்தேழுங்கிறீங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். ஆண்டிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் கேட்டுவிட்டேன் அல்லவா, அவருக்கு வேலை மிச்சம்.

ஜைனுதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "அவரு எடுக்கலை. எடுக்குறவன் ஆளாளுக்குச் சீட்டு எழுதிக் குடுப்பானா? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க." அவர் பேச்சை யார் கேட்டார்கள்? பந்தயமே கட்டாதவர் பேச்சு எங்களுக்கு எதற்கு?

சேவுகன் சண்டை போடவில்லை. "சீட்டுல எழுதுனது நான். திங்கக்கெழமை வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை பேங்க் வாசலில் நாலு கவரில் ஆளுக்கு எழுபத்தையாயிரம் கொடுத்தார். மூன்று லட்சம். கிளப்பிலிருந்து வரிப் பிடித்தம் போக அவருக்கு வந்தது ஐம்பதாயிரத்துச் சொச்சம். மிச்சம் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, என் தங்கை கூரைக்கு வைத்திருந்த பணம். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அவர்களிடம் வேறு பணம் ஏது? ஆனால் நான் என்ன நினைத்தேன்? ஆண்டிச்சாமி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னதைத்தான் நானும் நினைத்தேன்.

"பாத்தியா? சத்தம் போட்டதும் கக்கிட்டான். எடுக்காதவன் எதுக்குக் குடுக்கணும்?"

நான் தலையாட்டினேன். எழுபத்தையாயிரத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

சந்தையில் அது ஒரே வாரத்தில் பரவியது. கொடுக்காமல் இருந்திருந்தால் பாதிப் பேராவது அவர் பக்கம் நின்றிருப்பார்கள். கொடுத்ததுதான் அவருக்கு எமனாகிவிட்டது. அதன்பிறகு அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் துண்டை விரித்துக் கை நீட்ட ஒருத்தரும் வரமாட்டார்கள். ஜைனுதீன் மட்டும் வருவார், இரண்டு மூன்று பிடிப்பார். மூன்று மாதம் அப்படி வந்து நின்றார். பிறகு வருவதை நிறுத்திவிட்டு, திருமயத்தில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார். நானும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. என் மனைவி ஆவுடையாள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். சட்டியை டொக் டொக்கென்று வைப்பாள்.

மார்கழியில் ஒரு நாள் நமணசமுத்திரம் வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்த வீடு ரோட்டிலிருந்தே தெரியும். சுவர்கள் நிற்கின்றன, மேலே ஒன்றுமில்லை. உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருந்தது. மழையில் ஒரு பக்கச் செங்கல் கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வண்டியைத் திருப்பி அவர்கள் வாடகை வீட்டுக்குப் போனேன். சேவுகன் கடைக்குப் போயிருந்தார். சிவகாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், வா என்று கூடச் சொல்லவில்லை.

"ஏன்த்தா, கூரையை ஏன் அப்பிடியே போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். என் வாயைப் பாருங்கள்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ப் பழைய போன் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இதுலதான் அவுக பணம் கட்டுனாக. இதுல இன்னும் மூவாயிரம் கெடக்கு. இன்னைக்கும் குதிரை ஓடுது. நீயே கட்டிப் பாரு. பாத்துட்டு அப்புறம் கூரையைப் பத்திக் கேளு."

பிடிவாதமாக உட்காரவைத்துவிட்டாள். எப்படிக் கட்டுவது என்று அவளே காட்டினாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் அதைத் தினமும் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள் என்பது அவள் விரல் போகிற வேகத்திலேயே தெரிந்தது. சின்னக் கிளப், சின்னப் பந்தயம். மூன்றாம் எண் குதிரைக்குப் பத்துக்கு இருநூற்று இருபத்தைந்து என்று தெரிந்தது. வேறு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மொத்தக் குவியல் முப்பதாயிரம், அந்தக் குதிரைமேல் ஆயிரம் ரூபாய்.

"மூவாயிரத்தையும் அதுலயே போடு" என்றாள்.

போட்டேன். ஒரு நிமிஷம் எண் அசையவில்லை. பிறகு திரை ஒரு தடவை வெள்ளையாகி மறுபடி வந்தது. இருநூற்று இருபத்தைந்து இருந்த இடத்தில் அறுபத்தொன்று.

நான் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். அறுபத்தொன்றுதான். யாரும் எடுக்கவில்லை. சேவுகன் அங்கிட்டுத் திருமயத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். இங்கே என் கையில், என் கண் முன்னால், என் விரல் அமுக்கிய மூவாயிரம்தான் அந்த எண்ணைக் கீழே தள்ளியது. குதிரை கடைசியில் தோற்றும் போனது, மூவாயிரமும் போயிற்று. சிவகாமி முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதை நெருங்குகிறவன், தங்கை முன்னால் துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதேன்.

அன்றே ஆண்டிச்சாமி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். மூளையுள்ள மனுஷன், உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்ப நம்ம வாங்குனது அவன் கைக்காசுங்கிற."

"ஆமண்ணே. அதைத் திருப்பிக் குடுத்துருவோம். கிளப்பு குடுத்ததுல நம்ம பங்கை மட்டும் வச்சுக்கிட்டா போதும்."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் எங்கிட்டுப் போயிக் குடுப்பேன்? எம்மகளுக்குத் தோடு எடுத்தாச்சு. அதுபோக, அவன்தான எழுதுனான்? எழுதுனதைக் குடுத்தான். இதுல நம்ம என்ன தப்புப் பண்ணுனோம்?"

"அவர் எடுக்கலைன்னு சந்தையில ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"சொன்னா, அப்ப ஏன் இன்னும் திருப்பிக் குடுக்கலைன்னு கேப்பாங்ய. பேசாம விடு. ஆறிப்போச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேவுகன் திருடனாக இருந்தால்தான் அந்தப் பணம் வாங்கியவர்களுடையது. அவர் நல்லவரென்றால் கையை விட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கீரனூர்க்காரர்களிடம் பேசினேன், போனை வைத்துவிட்டார்கள்.

ஒரு கிடாயையும் இரண்டு வெள்ளாட்டையும் விற்று, கையில் இருந்ததையும் போட்டு அறுபதாயிரம் சேர்த்துக்கொண்டு சேவுகனைப் பார்க்கப் போனேன். அவர் கடையிலிருந்து வந்து சிமெண்டுத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். பணத்தை வைத்து, "மாப்ள, தப்பு என்னோடது" என்றேன்.

அவர் கவரைத் தொடவில்லை. "வேணாம் மச்சான். நூத்தம்பதுன்னு எழுதுனது நான். இதை வாங்குனா நான் எழுதுனது பொய்யின்னு ஆயிரும்."

முப்பது வருஷப் புத்தி, எங்கே போகும்? அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாருங்கள். திருப்பிக் கொடுக்க வந்தவனுக்கு அதற்குக் கூட வழி விடமாட்டேன் என்கிறாரே என்று.

சிவகாமி உள்ளேயிருந்து வந்தாள். கவரை எடுத்துக்கொண்டாள். "அவுகளுக்கு வேணாம். எனக்கு வேணும். இது எங்கூரை." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "சந்தையில சொல்லிட்டியா?"

"ஆண்டிச்சாமிகிட்ட சொன்னேன்த்தா."

"அவரு வீட்டுலயா?"

"ஆமா."

"நீ எங்க வச்சு 'எடுத்தீங்களா'ன்னு கேட்ட?"

கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ஒவ்வொரு தரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஆண்டிச்சாமி எதிரில் நிற்பார். கீரனூர் அண்ணன் தம்பி நிற்பார்கள். எனக்கு நாளைக்கும் ஆடு விற்க வேண்டும். சத்தம் போட்டுப் பழி சொல்ல நூறு பேர் முன்னால் ஒரு நிமிஷம் ஆகவில்லை எனக்கு. அது பொய்ப் பழி என்று சொல்வதை மட்டும் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போடுகிறேன். கோபக்காரன் என்றால் தைரியசாலி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பணத்தோடு இன்னும் கொஞ்சம் கடன் வாங்கிக் கூரையைப் போட்டுவிட்டார்கள். மறு வருஷம் தையில் குடிபோனார்கள். பத்திரிகையை ஆவுடையாள் பெயருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என் தங்கை. புது வீட்டுக்குள் போகும்போது பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்காரன் சீர்த்தட்டு எடுத்து முன்னால் நடப்பது எங்கள் வழக்கம். நான் தட்டு, பட்டுச்சேலை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். விடியற்காலையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆவுடையாள் வந்து என்னைப் பார்த்தாள். "சந்தையில சொல்லிட்டுத்தான் வரணுமாம். இல்லாட்டி வர வேணாம்னு சொல்லியிருக்கா" என்றாள். தட்டையும் எடுத்துப் போகவில்லை, தனியாகப் பஸ் ஏறிப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். நான் கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"அண்ணன் சீரு இல்லாமலா உள்ள போனாக?"

ஆவுடையாள் சேலையை மாற்றிக்கொண்டே சொன்னாள். "யாரு சொன்னா இல்லாமன்னு? அறந்தாங்கி ஜைனுதீன் அண்ணன் தட்டு எடுத்துட்டு வந்தாக. அவுகதான் முன்னால நடந்தாக. சிவகாமி அவுக கால்ல விழுந்து கும்பிட்டுத்தான் உள்ள காலு வச்சா."

நான் வாங்கி வைத்த பட்டுச்சேலை இன்னும் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது.